வேலைக்குச் சேரும் முன் சொந்தத் தொழிலைச் சொல்வது எப்படி?

அரியலூரிலும் பெரம்பலூரிலும் ஆள் எடுக்கும் இடங்கள் இப்போது பல. அரியலூரைச் சுற்றிச் சிமெண்ட் ஆலைகள், நாரணமங்கலத்தில் டயர் ஆலை, எறையூர் சிப்காட்டில் காலணி ஆலை. இங்கே வேலைக்கு விண்ணப்பிக்கிற பலருக்கு வீட்டில் ஏற்கெனவே சின்னதாக ஒரு வரும்படி இருக்கும். ஒருவர் முந்திரிப் பருப்பு பாக்கெட் போட்டு விற்பார், இன்னொருவர் தையல் கடை வைத்திருப்பார், வேறொருவர் அண்ணனோடு சேர்ந்து டிப்பர் லாரி ஓட்டுவார். இன்டர்வியூவுக்குக் கிளம்பும்போது எல்லோருக்கும் வரும் கேள்வி ஒன்றுதான்: "இதைச் சொன்னால் வேலை போய்விடுமா?"

சொல்ல வேண்டும் என்பதே என் பதில். ஆனால் சொல்வதற்கு உரிய ஆள் ஒருவர், உரிய கட்டம் ஒன்று இருக்கிறது. அந்த ஆளிடம் அந்தக் கட்டத்தில் சொல்லி, பதிலை எழுத்தில் வாங்கிவிட்டால் பெரும்பாலும் வேலையும் நிலைக்கும், தொழிலும் நிலைக்கும்.

நிறுவனம் உண்மையில் எதைப் பார்க்கிறது

ஒருவர் வேலைக்கு வெளியே பணம் சம்பாதிக்கிறார் என்பது மட்டும் நிறுவனத்துக்குப் பெரிய விஷயம் இல்லை. அவர்கள் பார்ப்பது மூன்று. உங்கள் தொழில் அவர்கள் வியாபாரத்தோடு போட்டி போடுகிறதா? அந்தத் தொழிலுக்கும் நிறுவனத்துக்கும் கொடுக்கல் வாங்கல் இருக்கிறதா? அது உங்கள் வேலை நேரத்தையும் உடம்பையும் தின்கிறதா?

சிமெண்ட் ஆலையில் லேப் கெமிஸ்ட் வேலைக்கு வருகிறவர் முந்திரி விற்றால் முதல் இரண்டு கேள்விக்கும் பதில் 'இல்லை'. அதே ஆலையில் சுண்ணாம்புக்கல் எடையைப் பதியும் வேலைக்கு வருகிறவர் வீட்டில் இரண்டு டிப்பர் லாரி இருந்து, அந்த லாரிகள் அதே ஆலைக்குக் கல் ஏற்றி வந்தால் கதையே வேறு. எடைமேடையில் அவர் அமர்ந்திருக்கும்போது அவர் வீட்டு லாரி வந்து நிற்கும். அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் அந்த எடைச்சீட்டை யாரும் முழுமனதாக நம்ப மாட்டார்கள். இதைத்தான் ஹெச்.ஆர். மொழியில் நலமுரண் என்கிறார்கள். சிமெண்ட் விற்பனைப் பிரிவில் சேருகிறவர் வீட்டில் வேறொரு கம்பெனியின் சிமெண்ட் ஏஜென்சி வைத்திருப்பதும் இதே வகை.

2022-இல் நாடு முழுக்கப் பேசப்பட்ட விப்ரோ விவகாரத்தையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். அந்த நிறுவனம் சுமார் 300 பேரை வேலையிலிருந்து நீக்கியதாக அதன் தலைவர் ரிஷத் பிரேம்ஜி அந்த ஆண்டு செப்டம்பரில் சொன்னார். அவர்கள் மேல் இருந்த குற்றச்சாட்டு, போட்டி நிறுவனங்களுக்கு நேரடியாக வேலை செய்தார்கள் என்பது. அதே மாதம் இன்ஃபோசிஸ் தன் ஊழியர்களுக்கு 'இரட்டை வேலை கூடாது' என்று கடுமையாக எழுதியது. ஆனால் அக்டோபரிலேயே, மேலாளரிடமும் ஹெச்.ஆரிடமும் முன்அனுமதி பெற்று, சொந்த நேரத்தில், நிறுவனத்தோடோ அதன் வாடிக்கையாளரோடோ போட்டி போடாத சிறு வெளிவேலைகளைச் செய்யலாம் என்று தெரிவித்தது. முன்அனுமதி, போட்டியின்மை, சொந்த நேரம் ஆகிய இந்த மூன்று நிபந்தனைகளும் நம் ஊர் ஆலைக்கும் அப்படியே பொருந்தும்.

சட்டம் எதைத் தடுக்கிறது, எதைத் தடுக்கவில்லை

'வேலையில் இருப்பவர் தொழில் செய்வது சட்டவிரோதம்' என்று பலர் நினைக்கிறார்கள். தனியார் வேலையைப் பொறுத்தவரை அப்படிப் பொதுவான தடை எதுவும் இல்லை. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 60-ஆவது பிரிவு தடுத்தது ஒரே நாளில் இரண்டு தொழிற்சாலைகளில் வேலை செய்வதை. ஆளின் உடம்புக்கு ஓய்வு வேண்டும் என்பதே அதன் நோக்கம். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் இதே போன்ற தடை தொடர்கிறது. பகலில் காலணி ஆலையில் நின்றுவிட்டு இரவில் இன்னொரு ஆலையில் நிற்பவருக்குத்தான் அது பொருந்தும். மாலையில் வீட்டில் பிளவுஸ் தைப்பவருக்குப் பொருந்தாது.

உங்களைக் கட்டுவது பெரும்பாலும் நீங்கள் கையெழுத்துப் போடும் தாள்தான். அது செல்லுமா என்ற கேள்விக்கு உச்ச நீதிமன்றம் 1967-லேயே பதில் சொல்லியிருக்கிறது. டயருக்குள் வைக்கும் நூலைத் தயாரிக்கும் செஞ்சுரி ஸ்பின்னிங் நிறுவனத்தில் ஷிஃப்ட் மேற்பார்வையாளராக இருந்தவர் நிரஞ்சன் சங்கர் கோலிகரி. ஐந்து ஆண்டு ஒப்பந்தம் நடந்துகொண்டிருக்கும்போதே அவர் போட்டி நிறுவனத்துக்குப் போனார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. வேலையில் இருக்கும் காலத்துக்கு விதிக்கும் கட்டுப்பாடு வேறு, வேலையை விட்ட பிறகும் தொடரும் கட்டுப்பாடு வேறு என்று பிரித்த நீதிமன்றம், முதல் வகை பொதுவாகச் செல்லும் என்றது. 'தொழிலைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது' என்ற இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆவது பிரிவைக் காட்டி, வேலையில் இருக்கும்போது எதையும் செய்யலாம் என்று வாதாட முடியாது என்பதே இதன் பொருள்.

ஆகவே ஆஃபர் லெட்டரையும் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரையும் வாசிக்கும்போது நான்கு சொற்றொடர்களைத் தேடுங்கள்: 'முழு நேரமும் கவனமும்', 'வேறு எந்தத் தொழிலோ வேலையோ', 'நேரடியாகவோ மறைமுகமாகவோ', 'முன் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல்'. கடைசிச் சொற்றொடர் இருந்தால் வாசல் திறந்திருக்கிறது, கேட்டு அனுமதி வாங்கலாம். அது இல்லாமல் முதல் மூன்று மட்டும் இருந்தால் தாளின்படி முழுத் தடை. அப்போதும் கேட்கலாம், விலக்கு தந்தால் அது கட்டாயம் எழுத்தில் இருக்க வேண்டும். தாளில் எதுவுமே இல்லையென்றால் சுதந்திரம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பெரிய ஆலைகளில் நிலையாணைகள் என்று ஒரு விதித்தொகுப்பு உண்டு. பழைய சட்டப்படி அதை ஆங்கிலத்திலும், தொழிலாளர்களில் பெரும்பாலோருக்குப் புரியும் மொழியிலும் வாசலருகே பலகையில் ஒட்ட வேண்டியிருந்தது. சேருவதற்கு முன்பே அதன் நகலைக் கேட்பதில் தவறு எதுவும் இல்லை.

யாரிடம், எப்போது

உங்களுக்கு முதலில் போன் செய்கிறவர் பெரும்பாலும் கம்பெனி ஆள் இல்லை, கன்சல்டன்சி ஆள். நீங்கள் வேலையில் சேர்ந்தால்தான் அவருக்குக் கட்டணம் வரும். அதனால் "இதெல்லாம் ஒன்றும் இல்லை சார், சொல்லாதீங்க" என்று அவர் சொன்னால் அது அவருடைய ஆலோசனை மட்டுமே. அனுமதி தரும் அதிகாரம் அவருக்குக் கிடையாது. அவரிடம் ஒரு வரி சொல்லி வைத்தால் போதும்: "நான் வீட்டில் சின்ன வியாபாரம் ஒன்று செய்கிறேன். ஹெச்.ஆரிடம் நானே பேசிக்கொள்கிறேன்."

ஒப்பந்ததாரர் மூலம் ஆலைக்குள் போகிறவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். நீங்கள் நிற்பது பெரிய கம்பெனி வளாகத்தில் என்றாலும், உங்களுக்குச் சம்பளமும் ஆர்டரும் தருகிறவர் ஒப்பந்ததாரர். அனுமதிக் கடிதம் அவர் அலுவலகத்திலிருந்து வர வேண்டும். தொழில் ஆலையோடு தொடர்புடையது என்றால் ஆலைக்கும் தெரிய வேண்டும்.

சொல்ல ஏற்ற கட்டம், 'உங்களை எடுத்துக்கொள்கிறோம்' என்று ஹெச்.ஆர். சொன்ன பிறகு, நீங்கள் ஆஃபரை ஏற்றுக் கையெழுத்திடுவதற்கு முன். முதல் போனிலேயே சொன்னால் உங்கள் திறமை பேசும் முன்பே வியாபாரம் பேசிவிடும். சேர்ந்த பிறகு சொன்னால் மறைத்ததாகும். இதற்கு ஒரே விதிவிலக்கு விண்ணப்பப் படிவம். அதில் 'வேறு தொழில் அல்லது வருமானம் உண்டா' என்று கேட்டிருந்தால் அங்கேயே உண்மையை எழுதிவிடுங்கள். அந்தப் படிவத்தின் அடியில் 'மேலே சொன்னவை உண்மை' என்று கையெழுத்துப் போடுகிறீர்கள். பிற்பாடு நடவடிக்கை வந்தால் தொழில் செய்ததைவிடப் பொய்யாக எழுதியதே பெரிய குற்றச்சாட்டாக நிற்கும்.

மறைத்தால் தெரியாது என்ற நம்பிக்கையும் இப்போது செல்லாது. ஜி.எஸ்.டி. தளத்தில் பான் எண்ணைக் கொடுத்தால் அந்த எண்ணில் உள்ள பதிவுகளை யாரும் பார்க்கலாம். சம்பளத்தோடு வியாபார வருமானமும் உள்ளவர் ITR-1 தாக்கல் செய்ய முடியாது. ITR-3 அல்லது ITR-4 தான். பழைய வருமானத்துக்குச் சான்றாக அந்தத் தாளைக் கொடுக்கும் நாளில் உங்கள் தொழிலும் அதில் சேர்ந்தே இருக்கும்.

ஒரு உதாரணம், ஆரம்பம் முதல் கடைசி வரை

செந்துறைப் பக்கத்து இளைஞர் ஒருவரை நினைத்துக்கொள்வோம். டிப்ளமோ கெமிக்கல் படித்தவர். அம்மாவோடு சேர்ந்து சுற்றுவட்டாரத்தில் முந்திரிப் பருப்பு வாங்கி, முழுப் பருப்பு, பாதி, உடைசல் என்று தரம் பிரித்து, கால் கிலோ, அரைக் கிலோ பாக்கெட்டாக விற்கிறார். ஆர்டர் வாட்ஸ்அப்பில் வரும், பார்சல் வாரத்தில் இரண்டு நாள் போகும். மாதம் முப்பது, நாற்பது கிலோ. உணவுப் பாதுகாப்புப் பதிவும் உத்யம் பதிவும் அவர் பேரிலேயே இருக்கின்றன. சிமெண்ட் ஆலை ஒன்றில் தரக்கட்டுப்பாட்டு லேபில் ஷிஃப்ட் கெமிஸ்ட் வேலைக்கு அவரை எடுக்கிறார்கள். ஆஃபர் லெட்டரில் 'முன் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் வேறு தொழிலில் நேரடியாகவோ மறைமுகமாகவோ ஈடுபடக் கூடாது' என்ற வரி இருக்கிறது.

முதலில் அவர் ஹெச்.ஆருக்குப் போன் செய்கிறார். "மேடம், ஆஃபர் லெட்டர் பார்த்தேன், சேர விருப்பம்தான். கையெழுத்துப் போடும் முன் ஒன்று தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். நானும் அம்மாவும் வீட்டில் முந்திரிப் பருப்பு பாக்கெட் போட்டு விற்கிறோம். உங்கள் விதிப்படி இதைத் தொடரலாமா? விவரத்தை மெயிலில் அனுப்புகிறேன், பதிலும் மெயிலில் கொடுத்தால் நல்லது." இவ்வளவுதான் பேச்சு. இதில் கெஞ்சல் இல்லை. வருமானம் போதவில்லை என்ற விளக்கமும் இல்லை. அந்த விளக்கத்தைச் சேர்த்தால் பேச்சு சம்பளப் பேரத்துக்குத் திரும்பிவிடும்.

பிறகு மெயில். ஆங்கிலத்தில் எழுதினாலும் உள்ளடக்கம் இதுதான்:

"மதிப்பிற்குரிய மேடம், ஷிஃப்ட் கெமிஸ்ட் பணிக்கான ஆஃபர் கடிதம் கிடைத்தது, நன்றி. அதில் வெளித்தொழில் பற்றிய நிபந்தனை தொடர்பாக ஒரு விவரம் தெரிவிக்கிறேன். நானும் என் தாயாரும் வீட்டிலிருந்து முந்திரிப் பருப்பு தரம் பிரித்து, பாக்கெட் செய்து நேரடியாக நுகர்வோருக்கு விற்கிறோம். உணவுப் பாதுகாப்புப் பதிவும் உத்யம் பதிவும் என் பெயரில் உள்ளன. மாத விற்பனை ஏறக்குறைய 30 முதல் 40 கிலோ. அன்றாட வேலையைத் தாயார் கவனிக்கிறார். என் பங்கு வாரத்தில் நான்கைந்து மணி நேரம், ஷிஃப்ட் இல்லாத நேரத்தில் மட்டும். நிறுவனத்தோடோ அதன் ஒப்பந்ததாரர்களோடோ இந்தத் தொழிலுக்குக் கொடுக்கல் வாங்கல் இல்லை. இதைத் தொடர நிறுவன விதிகள் அனுமதிக்கின்றனவா, நிபந்தனை ஏதும் உண்டா என்பதை எழுத்தில் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்."

இந்தக் கடிதம் வேலை செய்வதற்குக் காரணம், ஹெச்.ஆர். அடுத்துக் கேட்கக்கூடிய எல்லாவற்றுக்கும் பதில் அதிலேயே இருப்பதுதான். என்ன தொழில், யார் பெயர், எவ்வளவு, எத்தனை மணி நேரம், கம்பெனியோடு தொடர்பு உண்டா: இந்த ஐந்தும் தெரிந்தால் அவர் தன் மேலதிகாரியிடம் ஒரு பக்கத்தில் குறிப்பு வைத்துக் கையெழுத்து வாங்கலாம். 'சின்னதாக ஒரு பிசினஸ்' என்று மட்டும் எழுதினால் அவரால் யாரிடமும் கொண்டுபோக முடியாது. முடிவெடுக்கத் தெரியாத இடத்தில் 'வேண்டாம்' என்பதே எளிய பதிலாகிவிடும்.

வரும் பதிலை எப்படிப் புரிந்துகொள்வது

'அனுமதிக்கிறோம், பணி நேரத்திலும் வளாகத்திலும் அந்தத் தொழிலைச் செய்யக் கூடாது, மாற்றம் இருந்தால் தெரிவிக்க வேண்டும்' என்று மெயில் வந்தால் அதுதான் நல்ல பதில். அதைப் பிரிண்ட் எடுத்து ஆஃபர் லெட்டரோடு வையுங்கள். கம்பெனி மெயிலில் மட்டும் விட்டுவிடாதீர்கள், சொந்த மெயிலிலும் இருக்கட்டும்.

"அதெல்லாம் பிரச்சனை இல்லைங்க, வந்து சேருங்க" என்று போனில் மட்டும் சொன்னால் அது அனுமதி ஆகாது. சொன்னவர் ஒரு வருடத்தில் வேறு ஆலைக்கு மாறிவிடுவார், அவர் சொன்னதற்குச் சாட்சி இருக்காது. அன்றே ஒரு மெயில் அனுப்புங்கள்: 'இன்று போனில் நீங்கள் தெரிவித்தபடி இந்தத் தொழிலைத் தொடரலாம் என்று புரிந்துகொண்டேன், சரியா என உறுதிப்படுத்தவும்.' பதில் வராவிட்டாலும் நீங்கள் மறைக்கவில்லை என்பதற்கு அந்த மெயில் சான்றாகும். ஆனால் அனுமதிக்கு அது ஈடாகாது. பதில் வரும் வரை கையெழுத்தைத் தள்ளிப்போட்டு, இரண்டு மூன்று நாள் கழித்து ஒருமுறை நினைவூட்டுங்கள்.

"மனைவி பேரில் மாத்திடுங்க, அப்புறம் நாங்க கேட்க மாட்டோம்" என்பது மூன்றாவது வகை. இதை ஏற்காதீர்கள். 'மறைமுகமாக' என்ற சொல் ஒப்பந்தத்தில் இருப்பதே இதற்காகத்தான். பல நிறுவனங்களின் நலமுரண் படிவம் நெருங்கிய உறவினரின் தொழிலையும் கேட்கும். மனைவி உண்மையிலேயே தொழிலை நடத்தினால் அவர் பேரில் இருப்பது நியாயம், அப்போதும் அதைச் சொல்லிவிட வேண்டும். பெயரை மட்டும் மாற்றி, பணமும் முடிவும் உங்களிடமே இருந்தால் மறைக்க நினைத்தீர்கள் என்பதற்கு நீங்களே அத்தாட்சி எழுதிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

'அனுமதி இல்லை' என்று நேராகவே சொன்னால் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: எந்தக் காரணத்தால்? காரணம் நேரம் என்றால், அன்றாட வேலையிலிருந்து முழுக்க விலகி முதலீடு மட்டும் வைத்திருக்கலாமா என்று கேட்கலாம். காரணம் நலமுரண் என்றால் வழி குறைவு. எடைமேடை வேலைக்கு வந்த டிப்பர்க்காரருக்கு, லாரியை வேறு ஆலைக்கு ஓட்டுவது அல்லது எடைமேடையோடு சம்பந்தமில்லாத பிரிவில் வேலை கேட்பது என இரண்டு வழி உண்டு. இரண்டும் முடியாவிட்டால் சம்பளத்தையும் லாரி வரும்படியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியதுதான்.

அனுமதி கிடைத்த பிறகு

நம் கெமிஸ்ட் அனுமதி வாங்கிச் சேர்ந்துவிட்டார். இரண்டாவது தீபாவளிக்கு ஆலையின் நிர்வாகப் பிரிவு ஊழியர்களுக்குப் பரிசுப் பெட்டி வாங்குகிறது. "நம்ம தம்பியே முந்திரி போடறாரே, அவர்கிட்டயே வாங்கிடலாம்" என்று யாரோ அன்போடு சொல்கிறார்கள். இங்கேதான் கவனம் வேண்டும். அதுவரை ஆலையோடு தொடர்பில்லாமல் இருந்த முந்திரி, அந்த ஒரு ஆர்டரால் ஆலைக்குச் சரக்கு போடும் தொழிலாக மாறுகிறது. அனுமதி கேட்ட மெயிலில் 'நிறுவனத்தோடு கொடுக்கல் வாங்கல் இல்லை' என்று அவரே எழுதியிருக்கிறார். ஆர்டரை ஏற்கும் முன் ஹெச்.ஆருக்கு மறுபடி எழுத வேண்டும், அல்லது மறுத்துவிட வேண்டும்.

வேறு மாற்றங்களுக்கும் இதுதான் முறை. புதிதாக ஆள் வைத்தால், கடை திறந்தால், வேறு சரக்கு சேர்த்தால், கூட்டாளி வந்தால் நாலு வரி மெயில் போதும். சக ஊழியர்களுக்கு லாக்கர் ரூமில் பாக்கெட் விற்பது, கம்பெனி போனில் ஆர்டர் எடுப்பது, லேப் தராசில் பருப்பை எடை போடுவது எல்லாம் சின்னதாகத் தெரியும். ஆனால் புகார் என்று ஒன்று கிளம்பினால் இவற்றிலிருந்துதான் கிளம்பும். இரவு ஷிஃப்ட் முடிந்து வந்து பகல் முழுக்கப் பார்சல் கட்டினால் மறுநாள் இரவு லேபில் கண் சொருகும். அப்போது கையிலிருக்கும் அனுமதிக் கடிதம் காப்பாற்றாது.

அரசு வேலை என்றால்

மாநில அரசு வேலைக்குப் போகிறவர்களுக்கு மேலே சொன்ன பேச்சுவார்த்தை பொருந்தாது. தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள், 1973, அரசின் முன்அனுமதி இல்லாமல் வியாபாரத்திலோ வேறு வேலையிலோ ஈடுபடுவதைத் தடுக்கின்றன. மத்திய அரசு ஊழியர்களுக்கும் 1964-ஆம் ஆண்டு விதிகளில் இதே நிலைதான். நேர்முகத்தில் அமர்ந்திருப்பவர் யாரும் இதில் விலக்குத் தர முடியாது. அரசு நிறுவனங்களுக்குத் தனிப் பணிவிதிகள் இருக்கும். அந்த விதிப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி வாசித்துவிட்டே முடிவு செய்யுங்கள்.

இப்போது கையில் ஆஃபர் லெட்டர் வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கையெழுத்துப் போடும் முன் அந்த நான்கு சொற்றொடர்களைத் தேடிப் பாருங்கள். ஐந்து விவரங்களையும் ஒரு மெயிலில் எழுதி அனுப்புங்கள். பதில் எழுத்தில் வந்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.